பட்டியலில் இல்லாத தகுதி

வேலைக்கான அறிவிப்பை எப்படிப் படிப்பது என்பதை நம்மில் பெரும்பாலோர் அரசாங்கத்திடமிருந்துதான் கற்றுக்கொண்டோம். தேர்வாணையத்தின் அறிவிக்கையில் ஒவ்வொரு வரியும் சட்டம். இன்ன பாடத்தில் பட்டம் என்றால் அந்தப் பாடத்தில்தான். வயது வரம்பை ஒரு நாள் தாண்டியிருந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி. கறாரானது என்றாலும் அதில் ஒரு நேர்மை உண்டு. யு.பி.எஸ்.சி.யின் நேரடி நியமன விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இன்றியமையாத தகுதி என்று ஒரு பகுதி, இருந்தால் நல்லது என்ற வகைத் தகுதிகளுக்கு இன்னொரு பகுதி, இரண்டும் தனித்தனியாக இருக்கும். நடுவழியில் மாற்றினால் கேட்க நீதிமன்றமும் இருக்கிறது. தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, விதிகளோ அறிவிக்கையோ இடம் கொடுத்தாலொழிய, தேர்வு தொடங்கிய பின் தகுதி வரம்பைத் திருத்தக் கூடாது என்றது.

இந்தக் கண்ணோடுதான் நம் பிள்ளைகள் தனியார் நிறுவனத்தின் அறிவிப்பையும் படிக்கிறார்கள். அங்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது. இருபத்தைந்து, முப்பது தகுதிகளை அடுக்கிய ஒரு பட்டியலில் எது இல்லாவிட்டால் கதவு சாத்தப்படும், எது வெறும் ஆசை என்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. படிக்கிறவர் எல்லாவற்றையும் சட்டமாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார், அல்லது எதையுமே பொருட்படுத்தாமல் அனுப்பிவைக்கிறார். நம்மூருக்கு மட்டும் உரிய குணம் இல்லை இது. அமெரிக்காவில் தாரா மோர் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம், முழுத் தகுதி இல்லாத வேலைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டு, 2014இல் ஹார்வர்ட் பிசினஸ் ரெவ்யூவில் எழுதினார். தன்னால் வேலையைச் செய்ய முடியாது என்ற பயம் முதல் காரணமாக இல்லை. ‘தகுதி இல்லாதவரை எடுக்க மாட்டார்கள், வீணாக எதற்கு’ என்பதுதான் ஆணும் பெண்ணும் அதிகம் சொன்ன பதில். அவர்கள் தங்களைக் குறைத்து மதிப்பிடவில்லை. அறிவிப்பைக் கூடுதலாக நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்கு அறிவிப்பு தகுதியானதுதானா என்று பார்க்க, அது உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். மென்பொருள் நிறுவனங்களில் நேர்காணல் எடுக்கும் பக்கத்தில் சில வருடங்கள் உட்கார்ந்தவன் என்பதால் இதைச் சொல்ல முடிகிறது. ஓர் ஆள் எடுக்க அனுமதி கிடைத்ததும் மனிதவளத் துறை அணியின் மேலாளரிடம் ‘ஜே.டி. அனுப்புங்கள்’ என்று கேட்கும். அவருக்கு ஆள் நேற்றே தேவைப்பட்டிருக்கும். உட்கார்ந்து எழுத நேரம் இருக்காது. முந்தைய முறை எடுத்த ஆளுக்கான கோப்பைத் திறந்து, மேலே நான்கு வரி சேர்த்து அனுப்புவார். கட்டமைப்பைத் தீர்மானிக்கும் ஆர்க்கிடெக்ட், அடுத்த ஆண்டு வரப்போகும் தொழில்நுட்பத்தின் பெயர் ஒன்றைச் செருகுவார். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு வரி வரும். பதவிப் படிநிலைக்கு ஏற்ற கனம் வேண்டும் என்று இரண்டு வரி. கடைசியில் மனிதவளத் துறை, அழுத்தத்தில் பணியாற்றும் திறன், சிறந்த தகவல்தொடர்பு ஆகியவற்றைத் தூவி வெளியிடும். சேர்ப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வரியை நீக்கினால் மட்டும் ‘அது ஏன் போயிற்று, நாளைக்கு வேண்டாமா’ என்ற கேள்வி வரும். அதனால் யாரும் நீக்குவதில்லை. நீளமான பட்டியலைப் பார்த்து நிறுவனம் மிகவும் எதிர்பார்க்கிறது என்று மலைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்த நீளத்துக்குப் பொருள், எது வேண்டும் என்று இன்னும் யாரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை என்பதே.

இதன் உச்சம் 2020 ஜூலையில் நடந்தது. பைத்தான் மொழியில் பயன்படும் ஃபாஸ்ட்ஏபிஐ என்ற கருவியை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ், அந்தக் கருவியில் நான்கு ஆண்டுக்கு மேல் அனுபவம் கேட்ட ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். அந்தக் கருவியை அவர் எழுதியே ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்த வேலைக்குத் தன்னால் விண்ணப்பிக்க முடியாது என்று ட்விட்டரில் எழுதினார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த அதே வாரத்தில் அதே போன்ற பட்டியல்களை எழுதி வெளியிட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

ஆகவே, கேட்டுவிடுவது நல்லது. ஆனால் எப்போது, யாரிடம், எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் அக்கா மகளின் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். அவளுக்குத் தரவுப் பொறியியலில் ஆறு ஆண்டு அனுபவம், சென்னையில் வேலை. நிறுவனங்களின் பல அமைப்புகளில் சிதறிக் கிடக்கும் தரவை இரவோடிரவாகத் திரட்டி, சுத்தம் செய்து, ஆய்வாளர்கள் கேள்வி கேட்கும்படி ஓரிடத்தில் சேர்ப்பது அவள் தொழில். பைத்தான், எஸ்க்யூஎல், ஸ்பார்க், இந்த வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஏர்ஃப்ளோ, எல்லாமே அமேசானின் மேகக்கணியில். அவளுக்குப் பிடித்த அறிவிப்பு ஒன்று வந்தது. காப்பீட்டுத் துறை, சம்பளமும் பரவாயில்லை. ஆனால் திறன்கள் பகுதியில் மட்டும் இருபத்தேழு வரி.

“மாமா, இதுல பதினாறுதான் எனக்குத் தெரியும். போடலாமா, வேண்டாமா?”

“போடுறதுக்கு முன்னாடி அந்த அறிவிப்பைத் தலைகீழாப் படி” என்றேன்.

தலைகீழாக என்று நான் சொன்னது, திறன்களின் பட்டியலை விட்டுவிட்டுப் பொறுப்புகள் என்ற பகுதியிலிருந்து தொடங்குவதை. பட்டியலில் பெயர்ச்சொற்கள் இருக்கும். பொறுப்புகளில் வினைச்சொற்கள் இருக்கும். ஒரு பெயர் வினையோடு சேர்ந்து வருகிறதா என்று பார்த்தால் பாதிப் பூச்சு உதிர்ந்துவிடும். அந்த அறிவிப்பில் குபர்நெட்டீஸ், டெர்ராஃபார்ம் இரண்டும் பட்டியலில் இருந்தன; பொறுப்புகளில் ஓரிடத்திலும் இல்லை. பவர் பிஐ, டாப்லோ இரண்டையும் கேட்டிருந்தார்கள். வரைபடம் போடும் வேலை பொறுப்புகளில் இல்லை. இவை போன்றவை பழைய அறிவிப்பின் எச்சங்கள் என்று ஒதுக்கலாம். ஸ்னோஃப்ளேக் பொறுப்புகளிலும் இருந்தது, அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் தினமும் புழங்கும் ரெட்ஷிஃப்ட்டும் அதே இனம். இரண்டும் பெரிய அட்டவணைகளை நெடுவரிசை வாரியாகச் சேமித்து எஸ்க்யூஎல்லுக்குப் பதில் சொல்பவை. ஒன்றை நன்றாக அறிந்தவர் மற்றதில் சில வாரங்களில் தேறிவிடலாம். இதைக் கேட்டு ஒரு மேலாளரின் நேரத்தை எடுக்க வேண்டியதில்லை.

மிச்சம் இரண்டு. ஒன்று காஃப்கா. ஆமாம், அந்த எழுத்தாளரின் பெயர்தான். லிங்க்ட்இன் நிறுவனத்தில் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜே கிரெப்ஸ், எழுதுவதற்காக வடிவமைத்த அமைப்புக்கு ஓர் எழுத்தாளரின் பெயர் பொருத்தம் என்று வைத்தார். நிகழ்வுகளை அவை நடக்கும் கணத்திலேயே வாங்கி, வரிசை கெடாமல் வைத்திருந்து, வேண்டுபவர்களுக்குக் கொடுக்கும் அமைப்பு அது. அறிவிப்பின் பொறுப்புகளில் இரண்டு இடத்தில் அது வந்தது. என் மருமகள் செய்ததெல்லாம் தொகுப்பாகச் செய்யும் இரவு வேலை. இரவு வேலையில் தவறு நடந்தால் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். ஓடும் நீரில் அது அவ்வளவு எளிதில்லை: ஒரே நிகழ்வு இரண்டு முறை வந்தால் என்ன செய்வது, தாமதமாக வந்ததை எந்த மணிக்கணக்கில் சேர்ப்பது, நடுவில் விழுந்த நிரல் எங்கிருந்து எழுவது என்று சிந்தனையே மாற வேண்டும். இது சில வாரங்களில் வருவது இல்லை. மற்றொன்று, அமேசானின் மேகக்கணியையும் மைக்ரோசாஃப்டின் அஷ்யூரையும் ஒருசேரக் கேட்டிருந்தார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயர்கிறார்களா, இரண்டு வாடிக்கையாளர்களா, அல்லது யாரோ இரண்டையும் எழுதி வைத்தார்களா என்று அறிவிப்பை எத்தனை முறை படித்தாலும் தெரியாது. படித்துத் தெரிந்துகொள்ள முடியாததும், தெரியாமல் போனால் காலை வாரிவிடக் கூடியதும் மட்டுமே கேட்கத் தகுந்தவை.

சும்மா விண்ணப்பித்துவிட்டால் என்ன, பொத்தானை அழுத்த எவ்வளவு நேரம் என்று கேட்கலாம். நியாயம்தான், பல வேலைகளுக்கு அதுவே போதும். ஆனால் பல நிறுவனங்களில் ஒரு முறை நிராகரித்தால் ஆறு மாதத்துக்கு அதே பெயரை மறுபடி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கூலிங் பீரியட் என்பார்கள். நேர்காணலும் ஒரு சுற்றோடு முடிவதில்லை. நிரல் எழுதும் தேர்வு, இரண்டு தொழில்நுட்பச் சுற்று, மேலாளர், மனிதவளம் என்று போகும். இருக்கிற வேலையில் பொய்க் காய்ச்சல் சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்து உட்கார்ந்த பிறகு, மூன்றாம் சுற்றில் ‘காஃப்கா உற்பத்திச் சூழலில் பயன்படுத்தியிருக்கிறீர்களா’ என்று கேட்டால் போனது அந்த நாள் மட்டும் இல்லை. தோற்றால் விலை அதிகம் என்ற இடத்தில்தான் கேட்பதற்கு அர்த்தம் உண்டு.

அடுத்தது, யாரிடம் கேட்பது. அறிவிப்பில் இருக்கும் பெயர் ஆள்சேர்ப்பாளருடையது. அவர் கையில் ஒரு தாள் இருக்கும்: மொத்த அனுபவம், தொடர்புடைய அனுபவம், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் காலம், பிறகு கட்டாயத் திறன்கள் என்று மூன்று நான்கு கட்டங்கள். அந்தக் கட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் சொல்வார், ஏன் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. இடையில் கன்சல்டன்சி இருந்தால் இன்னும் ஓர் அடி தூரம். அவருக்கு மேலாளரின் பெயரே தெரியாமல் இருக்கலாம். லிங்க்ட்இன் அறிவிப்புகள் சிலவற்றில் ஆள் எடுக்கும் அணியில் இருப்பவரின் பெயரைக் காட்டுகிறார்கள். இவளுக்கு அப்படித்தான் மேலாளர் அகப்பட்டார். அகப்படாவிட்டால் ஆள்சேர்ப்பாளரிடமே, ‘இந்த ஒரு கேள்வியை மட்டும் மேலாளரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா’ என்று அனுப்பலாம். அப்படியே முன்னனுப்பக்கூடிய விதத்தில் எழுதினால் அவருக்கும் தொல்லை இல்லை.

கேள்வியின் வடிவம்தான் பாதிப் பதிலைத் தீர்மானிக்கிறது. அவள் முதலில் எழுதியது, ‘வணக்கம் சார், இதில் எந்தெந்தத் திறன்கள் கட்டாயம் என்று தெரிவிக்க முடியுமா?’ மரியாதையான கேள்வி. பதில் வராத கேள்வியும்கூட. இருபத்தேழு வரியையும் திறந்து ஒவ்வொன்றாக வகைபிரிக்கும் வேலையை அது அவர் தலையில் போடுகிறது. சோம்பேறித்தனமாக ஒரு பதில் வந்தால் ‘எல்லாமே கட்டாயம்தான்’ என்றுதான் வரும். தன் அறிவிப்பில் தேவையில்லாததும் இருக்கிறது என்று முன்பின் தெரியாதவரிடம் எந்த மேலாளர் ஒப்புக்கொள்வார்? அவருக்கு எளிதாக இருக்க வேண்டுமென்றால் கேள்வி வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும், அறிவிப்பைப் பற்றியதாக இருக்கக் கூடாது.

கடைசியில் போன அஞ்சல் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம்; சாரம் இது:

‘இன்ன எண்ணுள்ள பணியிடத்தைப் பார்த்தேன். ஆறு ஆண்டுகளாக அமேசான் மேகக்கணியில் ஸ்பார்க், ஏர்ஃப்ளோ கொண்டு தொகுப்புத் தரவு வேலை செய்கிறேன், தன்விவரம் இணைத்துள்ளேன். காஃப்காவை நேரடிச் சூழலில் பயன்படுத்தியதில்லை. சேருகிறவர் முதல் மூன்று மாதத்திலேயே அந்தப் பகுதியைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்குமா, அல்லது இந்த இடம் முக்கியமாகத் தொகுப்பு வேலைக்கா? அமேசான், அஷ்யூர் இரண்டில் அன்றாட வேலை எதில் இருக்கும் என்றும் ஒரு வரியில் சொன்னால், விண்ணப்பிப்பது பற்றி முடிவெடுக்க உதவும்.’

இதில் கெஞ்சல் இல்லை. ‘வேகமாகக் கற்றுக்கொள்வேன்’ என்ற வாக்கியம் இல்லை. அது எல்லார் கடிதத்திலும் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. இல்லாததை இல்லை என்று முதலிலேயே சொன்னது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. “நானே என்னைக் கழிச்சுக்கிற மாதிரி இருக்கு மாமா” என்றாள். காஃப்கா உண்மையிலேயே உயிர்நாடி என்றால் அவளை எப்படியும் கழிக்கத்தான் போகிறார்கள். மூன்றாம் சுற்றில் நடப்பது அஞ்சலிலேயே நடந்துவிட்டுப் போகட்டும். ‘முதல் மூன்று மாதத்தில்’ என்ற சொற்களும் சும்மா போட்டவை இல்லை. கால எல்லை இல்லாமல் காஃப்கா தேவையா என்று கேட்டால் எந்த மேலாளரும் தேவை என்பார். என்றாவது ஒரு நாள் எல்லாமே தேவைப்படும்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? இரண்டு மூன்று வேலை நாளுக்கு மேல் வேண்டாம். தன்விவரங்கள் முதல் சில நாட்களிலேயே குவிந்துவிடுகின்றன. போதுமானவை சேர்ந்ததும் ஆள்சேர்ப்பாளர் புதியவற்றைத் திறப்பதை நிறுத்திவிடுவார். பதில் வராவிட்டால் அதிலிருந்து எதையும் ஊகிக்கவும் வேண்டாம். மேலாளருக்கு மௌனம் பெரும்பாலும் வேலைப்பளு. உள்ளேயே ஓர் ஆளை முடிவுசெய்துவிட்டு ஒப்புக்கு வெளியிட்ட அறிவிப்பாகவும் இருக்கலாம். பதில் வராத இடத்தில், பொறுப்புகள் பகுதி உங்களுக்குப் பழகிய வேலையைச் சொல்கிறது என்றால் அனுப்பிவிடுவதே சரி.

அவளுக்குப் பதில் வந்தது. மேலாளர் கைபேசியிலிருந்து தட்டியது போலிருந்தது. காஃப்கா வேறோர் அணியின் பொறுப்பு. இவர்கள் அதிலிருந்து வருவதை வாங்கிக்கொள்வதோடு சரி. அமேசானில் இருப்பதையெல்லாம் அடுத்த ஆண்டுக்குள் அஷ்யூருக்கு மாற்றுகிறார்கள். அமேசான் பக்கத்தை நன்றாக அறிந்தவர்தான் தேவை, அஷ்யூர் வந்து கற்றுக்கொள்ளலாம். மெதுவாக ஓடும் எஸ்க்யூஎல் கேள்விகளைப் பிரித்துப் பார்த்து வேகப்படுத்தத் தெரிந்திருப்பது மிக முக்கியம். கடைசி வரி: அமெரிக்க வாடிக்கையாளரோடு வாரம் நான்கு நாள் இரவு ஒன்பதரை வரை நேரடியாகப் பேச வேண்டும், ‘அதற்கு உடன்படாதவரை என்னால் எடுக்க முடியாது’.

அந்தக் கடைசி வரி இருபத்தேழில் எங்குமே இல்லை. எஸ்க்யூஎல் இருந்தது, பதினான்காவதோ என்னவோ, ஜென்கின்ஸுக்கும் டாக்கருக்கும் நடுவில். உண்மையிலேயே கட்டாயமான இரண்டில் ஒன்று பட்டியலில் புதைந்திருந்தது, மற்றது பட்டியலுக்கே வரவில்லை. வராததற்குக் காரணம் ஒளிவுமறைவு இல்லை என்றே நினைக்கிறேன். மேலாளர் நாள்தோறும் அப்படி வாழ்வதால், அது ஒரு நிபந்தனை என்று அவருக்குத் தோன்றியிருக்காது. யாரோ ஒருவர் வேலையைப் பற்றிக் கேட்டதும்தான் அவர் அறிவிப்பிலிருந்து கண்ணை எடுத்துத் தன் அணியைப் பார்த்தார். அவளும் கணவரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினார்கள். அவர் ஆறு மணிக்கே வீடு திரும்புகிறவர். சமாளிக்கலாம் என்று முடிவாயிற்று. தன்விவரத்தில் கேள்வி வேகப்படுத்திய வேலைகளை மேலே ஏற்றி, முன்பு எவ்வளவு நேரம் ஓடியது, பிறகு எவ்வளவு என்று எழுதி விண்ணப்பித்தாள்.

இங்கேதான் பலரும் எதிர்பார்க்காத ஒரு தடங்கல். மேலாளரின் மனத்தில் இருப்பது மேலாளரின் மனத்தில்தான் இருக்கிறது. வடிகட்டும் தாளும், தன்விவரங்களைச் சொல் பார்த்துச் சலிக்கும் மென்பொருளும் பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கும். ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் அக்சென்சரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், உயர்திறன் வேலைகளுக்குத் தகுதியானவர்களே அறிவிப்பின் வரிகளோடு அச்சாகப் பொருந்தாததால் சல்லடையில் விழுந்துவிடுகிறார்கள் என்று 88 சதவீத நிறுவனத் தலைமையினர் ஒப்புக்கொண்டார்கள். சல்லடையை வைத்தவர்களே சொன்ன கணக்கு இது. இவளுக்கும் மூன்றாம் நாள் அழைப்பு வந்தது.

“மேடம், காஃப்கா எத்தனை வருஷம்?”

“இல்லைங்க. ஆனா அது தேவைப்படாதுன்னு...”

“ஸாரி மேடம், எங்க ஷீட்ல அது மேண்டேட்டரி.”

மேலாளரின் பதில் கையில் இருந்ததால் அதை அவருக்கு முன்னனுப்பினாள். மேலாளரையும் நகலில் சேர்த்தாள், குற்றம் சொல்லும் தொனி வராமல், ‘குழப்பம் இருந்தால் தெளிவுபடுத்திக்கொள்ள’ என்று ஒரு வரியோடு. கேட்டதைப் பேச்சில் கேட்காமல் எழுத்தில் கேட்டதன் பயன் அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் அந்தக் கட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள், அவள் ஒருத்திக்காக. அறிவிப்பு மாறவில்லை, அதே நிறுவனம் அதே இருபத்தேழு வரியோடு இன்னொரு இடத்துக்கும் ஆள் தேடியதைப் பிறகு பார்த்தோம்.

தொழில்நுட்பச் சுற்றில் ஒரு மணி நேரமும் எஸ்க்யூஎல்தான். இருபது கோடி வரிசை கொண்ட ஓர் அட்டவணையைச் சின்ன அட்டவணையோடு இணைக்கும் கேள்வி ஏன் நாற்பது நிமிடம் ஓடுகிறது, திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னாள். இரவு ஒன்பதரைக்கு அழைப்பில் இருக்க முடியுமா என்று மேலாளர் மறுபடி கேட்டார். வெள்ளிக்கிழமை முடியாது என்றாள், சரி என்றார். வேலை கிடைத்ததா என்று கேட்டால், கிடைத்தது; சம்பளத்தில் ஒத்துவராததால் அவள் போகவில்லை. அதையும் முதல் அஞ்சலிலேயே கேட்டிருக்கலாமே என்று அக்கா கேட்கிறாள். அதை மேலாளரிடம் கேட்க முடியாது, அவரிடம் அதற்குப் பதிலும் இருக்காது. அது அந்த ஷீட் வைத்திருப்பவரின் கட்டம்.